டேட்டா எந்த நாள்ல தீரும்? ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வச்சு கணக்கு போடுறது

மாசத்துக்கு 40 ஜிபி பிளான், 30 நாள் சைக்கிள், 12ஆம் நாள் ராத்திரி போன்ல டேட்டா யூசேஜ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தா மேல 19.2 ஜிபின்னு பெருசா காட்டுதுன்னு வச்சுக்கோங்க. எல்லாரும் உடனே போடுற கணக்கு ஒண்ணுதான்: 19.2-ஐ 12-ஆல வகுத்தா நாளுக்கு 1.6, மிச்சம் இருக்குறது 20.8, அதை 1.6-ஆல வகுத்தா 13 நாள், ஆக 25ஆம் நாள் ராத்திரியோட கதை முடிஞ்சுது, கடைசி அஞ்சு நாள் பட்டினி.

இந்தக் கணக்குல வகுத்தல் கூட்டல் எதுவும் தப்பில்ல, ஆனா விடை தப்பா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஏன்னா ஸ்கிரீன்ஷாட்ல இருக்குற விஷயத்துல பாதியை இது பார்க்கவே இல்ல. கிராஃபும் இருக்கு, கீழ ஆப் வாரியா லிஸ்ட்டும் இருக்கு, ரெண்டையும் விட்டுட்டு மேல இருக்குற ஒரே ஒரு நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

முதல்ல கிராஃப். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல வழக்கமா வர்ற கோடு, அன்னன்னிக்கு எவ்ளோ செலவாச்சுன்னு காட்டுற கோடு இல்ல, சைக்கிள் ஆரம்பிச்சதுல இருந்து மொத்தம் எவ்ளோ ஆச்சுங்குறதைக் காட்டுறது. அதனால அது எப்பவும் ஏறிக்கிட்டேதான் இருக்கும், இறங்கவே இறங்காது. இதுல நமக்கு வேண்டியது கோட்டோட உயரம் இல்ல, சாய்வு. செங்குத்தா ஏறுற இடத்துல டேட்டா வேகமா போயிருக்கு, படுத்துக் கிடக்குற இடத்துல வைஃபைல இருந்திருக்கீங்க இல்ல போனை எடுக்கவே இல்லன்னு அர்த்தம். (சில போன்ல நாளுக்கு ஒரு பார்னு தனித்தனியா நிக்கும், அப்படின்னா பாருங்க வேலை இன்னும் சுலபம், ஒவ்வொரு பாரும் ஒரு நாள் செலவு, நேரா படிச்சுக்கலாம்.)

கோட்டுல நம்பர் எழுதியிருக்காதே, எப்படிப் படிக்கிறதுன்னு கேட்டா, பிக்சலை எண்ணிதான். கம்ப்யூட்டர்ல நிறைய போட்டோ எடிட்டர் கர்சர் நிக்குற இடத்தோட x, y காட்டும். அளவுகோலா ரெண்டு கோடு வேணும், ஒண்ணு கீழ இருக்குற ஜீரோ கோடு, இன்னொண்ணு நீங்களே செட் பண்ணின வார்னிங் கோடு. நம்ம உதாரணத்துல ஜீரோ கோடு y = 1500-ல, 30 ஜிபி வார்னிங் கோடு y = 900-ல. படத்துல y மேல இருந்து கீழ எண்ணப்படும், அதனால மேல போகப் போக நம்பர் குறையும், இதுல முதல் தடவை எல்லாருக்கும் ஒரு குழப்பம் வரும். 600 பிக்சல் 30 ஜிபின்னா ஒரு ஜிபிக்கு 20 பிக்சல், ஒரு பிக்சல் 50 எம்பி. கிடைமட்டத்துல இடது ஓரம் x = 90, வலது ஓரம் x = 990, நடுவுல 30 நாள், ஆக ஒரு நாளுக்கு 30 பிக்சல்.

இப்போ கோட்டோட நுனியைப் பாருங்க, x = 450, y = 1116. 360 பிக்சல் தள்ளி இருக்குன்னா 12 நாள், 384 பிக்சல் உயரம்னா 19.2 ஜிபி. மேல பெருசா எழுதியிருக்குற நம்பரும் அதேதான். இந்தப் பொருத்தத்தைப் பார்க்காம அடுத்த படிக்குப் போகவே கூடாது. பொருந்தலன்னா அளவுகோலை தப்பா எடுத்திருக்கீங்க, இல்ல அந்த கிராஃபோட அச்சு சீரான இடைவெளில இல்ல, அப்படின்னா பிக்சல் கணக்கு உதவாது. மத்தபடி ஸ்கிரீன்ஷாட்டை யாராவது மெசேஜ்ல அனுப்பி சைஸ் சுருங்கிப் போயிருந்தாலும் கவலை இல்ல, அளவுகோலும் கோடும் ஒரே படத்துல சேர்ந்தே சுருங்கியிருக்கும்.

நுனியைப் படிச்ச மாதிரியே கோட்டுல நடுவுல ரெண்டு இடம் படிக்கலாம். 6ஆம் நாள் முடிவுல y = 1368, அதாவது 6.6 ஜிபி. 7ஆம் நாள் முடிவுல y = 1226, அதாவது 13.7 ஜிபி. ஒரே நாள்ல 7.1 ஜிபி! அதுக்கு முன்னாடி ஆறு நாள்ல 6.6, நாளுக்கு 1.1. அதுக்கப்புறம் அஞ்சு நாள்ல 13.7-ல இருந்து 19.2, அதாவது 5.5, திரும்பவும் நாளுக்கு 1.1. ஆக கோடு ஒரே சாய்வுல ஏறல, ஒரு சாய்வு, நடுவுல ஒரு படிக்கட்டு, அப்புறம் பழைய அதே சாய்வு. அந்த நாளோட வழக்கமான 1.1 போக, படிக்கட்டோட உயரம் சுமார் 6 ஜிபி.

அந்த 6 ஜிபி யாரோட வேலைன்னு கண்டுபிடிக்கத்தான் கீழ இருக்குற ஆப் லிஸ்ட். வீடியோ ஆப் 7.2, ஹாட்ஸ்பாட் 6.0, சோஷியல் மீடியா ஆப் 3.4, பிரவுசர் 1.1, மெசேஜ் ஆப் 0.9, மிச்சமெல்லாம் சேர்த்து 0.6. படிக்கட்டு 6 ஜிபின்னா அதை விடக் குறைவா இருக்குற எந்த ஆப்பும் தனியா அதைப் பண்ணியிருக்க முடியாது, அதனால சந்தேகம் ரெண்டு பேர் மேலதான், வீடியோவும் ஹாட்ஸ்பாட்டும். லிஸ்ட்ல முதல்ல இருக்குற வீடியோவைத்தான் எல்லாரும் குற்றம் சொல்வாங்க. ஆனா லிஸ்ட் மொத்தத்தை மட்டும்தான் சொல்லுது, எப்போ செலவாச்சுன்னு சொல்லாது, அதுதான் இதோட பெரிய குறை.

இதுக்கு ஒரு நல்ல வழி, வேற ஒரு நாள்ல எடுத்த இன்னொரு ஸ்கிரீன்ஷாட்டை ஆப் ஆப்பா கழிச்சுப் பார்க்கிறது. 9ஆம் நாள் ராத்திரி எடுத்த படத்துல வீடியோ 5.4, ஹாட்ஸ்பாட் 6.0-ன்னு இருந்தா, மூணு நாள்ல வீடியோ 1.8 ஏறியிருக்கு, ஹாட்ஸ்பாட் அசையவே இல்ல. வீடியோவோட வேகம் நாளுக்கு 0.6, அதை 12-ஆல பெருக்கினா 7.2, லிஸ்ட்ல இருக்குற அதே நம்பர்! அதாவது வீடியோ முதல் நாள்ல இருந்தே சீரா ஓடிக்கிட்டு இருக்கு, அதுக்கு ஒரு படிக்கட்டு ஏற்றிவிட இடமே இல்ல. ஹாட்ஸ்பாட் 7ஆம் நாள் லேப்டாப்புக்கு எதையோ இறக்கிக் கொடுத்துட்டு அதோட நின்னுடுச்சு.

இப்போ திரும்ப கணிப்புக்கு வருவோம். படிக்கட்டை விட்டுட்டு வழக்கமான வேகத்தை மட்டும் வச்சா:

```
20.8 / 1.1 = 18.9
19.2 + 18 × 1.1 = 39.0
```

மிச்சம் 18.9 நாளுக்கு வரும், சைக்கிள் முடிய 18 நாள்தான் பாக்கி, ஆக 39 ஜிபில முடிஞ்சு ஒரு ஜிபி மிச்சம் நிக்கும். 25ஆம் நாள் தீரும்னு சொன்ன கணக்கும் இதே ஸ்கிரீன்ஷாட்ல இருந்து வந்ததுதான்.

அப்போ அந்த 1.6 சராசரி எங்க வழுக்குச்சு? அதுல ஹாட்ஸ்பாட்டோட பங்கு நாளுக்கு 0.5 ஜிபி. பாக்கி 18 நாளுக்கும் அதையே நீட்டினா 9 ஜிபி ஆகுது, அதாவது அந்த டவுன்லோடு இன்னும் ஒன்றரை தடவை நடக்கும்னு சராசரி நமக்குத் தெரியாமலே எழுதி வச்சிருச்சு. நிஜத்துல ஒன்றரை தடவை நடக்காது, நடந்தா ஒரு தடவை, இல்லன்னா இல்ல. அதனால ஒரே தேதியைச் சொல்றதை விட ரெண்டு கதையா சொல்றதுதான் சரின்னு எனக்குத் தோணுது: ஹாட்ஸ்பாட் திரும்ப வரலன்னா மாசம் தாண்டிடும், இன்னொரு தடவை வந்தா மிச்சம் 14.8 ஜிபி, அது 13.5 நாள், 26ஆம் நாள் தீரும். எது நடக்கும்னு கிராஃபுக்குத் தெரியாது, லேப்டாப் வச்சிருக்குறவருக்குத் தெரியும், அவரைக் கேக்கணும்.

முதல் கதையும் அவ்ளோ உறுதியானது இல்ல. ஒரு ஜிபி மிச்சம்ங்குறது ரொம்ப மெல்லிசு, வேகம் 1.1 இல்லாம 1.2-ஆ இருந்தா 17.3 நாள்தான், 30ஆம் நாள் காலைலயே தீர்ந்துடும். பிக்சலைப் படிக்கிறதுல வர்ற பிழை இதுக்குப் பெரிய காரணம் இல்ல, ரெண்டு பிக்சல் தப்பினாலும் 100 எம்பிதான், 12 நாளுக்குப் பரப்பினா நாளுக்கு 9 எம்பி கூட வரல. ஆனா ஒரே ஒரு நாளோட சாய்வை அளந்தீங்கன்னா 22 பிக்சல்ல ரெண்டு பிக்சல் தப்புது, அது 9 சதவீதம், அதனால நீளமா அளக்கணும். அளக்குற துண்டு ஏழு நாளாவோ பதினாலு நாளாவோ இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா லீவு நாள் செலவும் வேலை நாள் செலவும் ஒரே மாதிரி இருக்காது, வெறும் மூணு வேலை நாளை அளந்துட்டு மாசம் முழுக்க நீட்டினா சனி ஞாயிறு வந்து கவுத்துடும்.

இதெல்லாத்தையும் விட பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, போன் எண்ணுற ஜிபியும் கம்பெனி எண்ணுற ஜிபியும் ஒண்ணா இல்லாம இருக்கலாம். ஒரு ஜிபிங்குறதை 1000 எம்பின்னு எடுத்து 100 கோடி பைட்டா எண்ணலாம், 1024-ஆல பெருக்கிக்கிட்டே போய் சுமார் 107.4 கோடி பைட்டாவும் எண்ணலாம், ரெண்டும் புழக்கத்துல இருக்கு, வித்தியாசம் 7.4 சதவீதம். போன் பெரிய ஜிபில எண்ணி, கம்பெனி சின்ன ஜிபில எண்ணினா நம்ம 19.2 அவங்க கணக்குல 20.6, நாளுக்கு 1.1-ங்குறது 1.18, மிச்சம் 19.4, அது 16.4 நாள்ல தீரும். ஹாட்ஸ்பாட்டே வராம 29ஆம் நாளே நெட் நின்னு போகும். யாரு எப்படி எண்ணுறாங்கன்னு தேடி அலைய வேண்டாம், ஒரே நேரத்துல போன் நம்பரையும் கம்பெனி ஆப் காட்டுற செலவையும் பார்த்து கம்பெனி நம்பரை போன் நம்பரால வகுத்தா விகிதம் கிடைச்சுடும், மேல இருக்குற செலவு நம்பர் எல்லாத்தையும் அதால பெருக்கிக்கலாம். வகுத்தது 1 பக்கமும் வராம 1.07 பக்கமும் வராம ரொம்ப தள்ளி வந்துச்சுன்னா எண்ணுற முறை காரணமா இருக்காது, சைக்கிள் தேதி வேற வேறயா இருக்கலாம். போன்ல சைக்கிள் ஆரம்ப தேதி நாம வச்சது, பிளான் ஆரம்பிச்ச தேதி வேறயா இருக்கலாம்.

ஐபோன்ல இந்த தேதிப் பிரச்சனை இன்னும் மோசம், அங்க `Current Period`-ன்னு எழுதியிருக்கும் ஆனா அது மாசா மாசம் தானா ஜீரோ ஆகாது, நீங்க கடைசியா ரீசெட் பண்ணின நாள்ல இருந்து கூட்டிக்கிட்டே வரும், பக்கத்தோட அடியில `Last Reset`-ன்னு தேதி இருக்கும், அதைப் பார்க்காம வகுத்தா வர்ற விடைக்கு அர்த்தமே இல்ல. அங்க கோடும் கிடையாது, ஆப் லிஸ்ட் மட்டும்தான், அதனால ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டைக் கழிக்கிற வழி ஒண்ணுதான் இருக்கு.

கணிப்பு சரியா போகுதான்னு 18ஆம் நாள் ராத்திரி ஒரு தடவை பார்த்தா போதும். மேல இருக்குற நம்பர் 25.8 பக்கத்துல இருந்தா 1.1 நிலைக்குது. 27-ஐ நெருங்கியிருந்தா ஆப் லிஸ்ட்டை 12ஆம் நாள் லிஸ்ட்டோட கழிச்சு எந்த ஆப்போட வேகம் கூடியிருக்குன்னு பாருங்க, 31-ஐத் தாண்டியிருந்தா முதல்ல ஹாட்ஸ்பாட் வரியைப் பாருங்க, அது 6.0-லயே நிக்குதா 12 ஆயிடுச்சான்னு.