எடை அப்படியே இருக்கு, பெல்ட்தான் லூசாகுது

கை கால் குச்சி மாதிரி, சட்டையைக் கழற்றினால் தொப்பை. என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும் ஐடி பையன்களில் இந்த ரகம் நிறைய. போன வருடம் வந்தவருக்கு வயது 26, எடை 62 கிலோ, தொப்புளுக்கு நேராக டேப் வைத்தால் 86 செ.மீ. "சார், முதல்ல வெயிட்டைக் குறைக்கவா, இல்ல ஏத்தவா?" என்றார். ரெண்டும் வேண்டாம் என்றேன்.

ஏற்கெனவே ஒல்லியான ஆள் பட்டினி கிடந்தால் கொழுப்போடு இருக்கிற கொஞ்சநஞ்சத் தசையும் போகும், அள்ளிச் சாப்பிட்டால் தொப்பைதான் முதலில் பெருக்கும். ஆனால் இதுவரை வெயிட்டே தூக்காத உடம்பு புதுப் பயிற்சிக்குச் சீக்கிரம் மசியும், அதனால் எடை ஏறாமல் இறங்காமல் சாப்பிட்டுக்கொண்டே தசையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கலாம்.

அந்த அளவு எவ்வளவு என்று மொபைல் ஆப்பைக் கேட்க வேண்டாம். இரண்டு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, தினமும் காலையில் பாத்ரூம் போய் வந்ததும் எடை பார்த்து, வாரச் சராசரியை ஒப்பிட்டால் போதும். இவருடைய சராசரி அசையவில்லை, ஆக அளவு சரி. கோளாறு தட்டில் இருந்தது. இட்லி, சாம்பார் சாதம், சாயங்காலம் டீயோடு மிக்சர், ராத்திரி தோசை, எல்லாம் சேர்த்துப் புரதம் 45 கிராம் தேறினால் அதிகம். கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் இவருக்கு 100 வேண்டும். இரண்டு மூன்று இட்லியைக் குறைத்து மூன்று முட்டை, மிக்சருக்குப் பதில் ஒரு கப் சுண்டல், ராத்திரி ஒரு தோசையை விட்டுவிட்டு எண்ணெய் குறைத்துச் செய்த சிக்கன் 150 கிராம் அல்லது மீல்மேக்கர் 50 கிராம், இவ்வளவுதான் மாற்றம். மொத்தக் கலோரி கிட்டத்தட்ட அதேதான். (சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.)

ஜிம் வாரத்துக்கு மூன்று நாள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், ஷோல்டர் பிரஸ், ஒவ்வொன்றும் மூன்று செட், எட்டு முதல் பன்னிரண்டு ரெப், இன்னும் இரண்டு தூக்கலாம் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டி மறுபடி எட்டிலிருந்து. எல்லாம் நோட்டில் எழுத வேண்டும்.

ஆறாவது வாரம் போன் வந்தது. "சார், 62லயே நிக்குது, சோத்தைப் பாதியாக்கிட்டேன்." இங்கேதான் பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதுவரை ஏறிக்கொண்டிருந்த ஸ்குவாட், சோறு குறைத்த வாரத்திலிருந்து ஒரே இடத்தில் நின்றிருந்தது. டேப் வைக்கச் சொன்னால் இடுப்பு 84. குறைந்த கொழுப்பின் எடையைக் கூடிய தசை ஈடுகட்டிவிடுவதால் எடை மெஷினுக்கு அது தெரியாது. இடுப்பும் குறையாமல், தூக்கும் எடையும் ஏறாமல் ஒரு மாதம் போனால்தான் சாப்பாட்டில் கை வைக்கலாம். பழைய அளவுக்கே திரும்பினார்.

ஐந்தாவது மாதம் எடை 62.5, இடுப்பு 80. அதற்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது, முதல் வருடத்துக்குள் எல்லோருக்கும் அப்படித்தான் குறையும். இப்போது சட்டை தோளில் இறுக்குகிறது, புதுசு வாங்கவா என்று கேட்கிறார்.