குழைமை: பிளாஸ்டிசிட்டிக்கு நம் சொல்

மண்பாண்ட வகுப்பில் 'இந்த மண்ணுக்கு பிளாஸ்டிசிட்டி போதாது' என்பார்கள். சொல்லின் மூலம் கிரேக்கம். 'பிளாஸ்டிகோஸ்' என்றால் வனைய ஏற்றது. பிளாஸ்டிக் பை வருவதற்கு வெகுகாலம் முன்பே இது களிமண்ணுக்கும் சிற்பத்துக்கும் உரிய சொல்லாக இருந்தது.

தமிழில் நெகிழ்மை என்று எழுதுகிறோம். எனக்குக் குழைமைதான் பொருந்துகிறது. நெகிழ்வது என்றால் தளர்வது, நழுவுவது. ஆனால் மண் தளர்ந்தால் மட்டும் போதாது. கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும். குழைத்த மாவு அப்படித்தான் நிற்கிறது. விட்டவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்புவது வேறு குணம், அது மீள்மை.

குழைமையைப் பார்க்க விரல்களே போதும். பிசைந்த மண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் குழைமை நன்று. ஆனால் குழைமை கூடக்கூடச் சுருக்கமும் கூடும். களிமண்ணின் நுண்தகடுகளுக்கு நடுவே இருக்கும் நீர்தான் அவற்றை வழுக்கவிடுகிறது. நீர் போனதும் தகடுகள் நெருங்கிவிடும். மணல் சுருங்காது. அதனால்தான் அதைக் கலக்கிறோம்.

நண்பர் வீட்டுத் தோட்டத்தில் மீன்குளத்துக்குத் தோண்டிய மண்ணை ஒரு வாளி கொண்டுவந்தேன். ஒரு செ.மீ. கனத்தில் பட்டைகள் செய்து, ஈரத்திலேயே 10 செ.மீ. கோடு கீறி, எங்கள் புளோக் வீட்டுத் தாழ்வாரத்தில் காயவைத்தேன். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அவசரப்பட முடியாது. பட்டையைத் தினமும் திருப்பிப் போடாவிட்டால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து வளைந்துவிடும்.

காய்ந்தபின் வெறும் மண்ணில் கோடு 8.8 செ.மீ., அதாவது 12 விழுக்காடு சுருக்கம். ஓரத்தில் விரிசலும் விட்டிருந்தது. நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்ததில் 9.2 செ.மீ., விரிசல் இல்லை. இரண்டுக்கு ஒன்று சேர்த்ததில் 9.5 செ.மீ. அப்பாடா, இதுதான் சரி என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கலவையின் சுருள் வளைக்கும்போதே வெடித்தது. காய்ந்த பட்டையோ இரண்டு விரலால் அழுத்தியதும் படக்கென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் மணல் உதிர்ந்தது. உலர் வலிமை போய்விட்டது. இத்தனை பலவீனமான கலவையில் செங்கல் அறுத்தாலும் சூளைக்குத் தூக்கிப்போகும்போதே முனை உடையும். நான்குக்கு ஒன்று கலந்ததை ஒடிக்க இரு கையும் வேண்டியிருந்தது. பானைக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

கடற்கரை மணல் மட்டும் வேண்டாம். அதிலுள்ள கிளிஞ்சல் துண்டுகள் சூளையில் சுட்ட சுண்ணாம்பாகி, அப்புறம் ஈரம் குடித்து உப்பி, பாண்டத்தின் மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு காலத்தில் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அந்த வட்டாரத்தைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். சுவருக்குச் சாந்தாகும் அதே சுண்ணாம்பு, பானைக்குள் ஒரு துணுக்காக ஒளிந்திருந்தால் பானையைக் கெடுத்துவிடும்.