ஒடுக்கை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள்

வாகன இன்சூரன்ஸ் கிளெய்ம்களைப் பார்க்கும் சர்வேயர் நான். போன வாரம் ஒருவர் மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். இரண்டு படங்களில் உள்ளங்கை அளவு ஒடுக்கு, சுற்றிலும் வேறொன்றும் இல்லை. மூன்றாவதில் காரின் பின்மூலையை மட்டும் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டியதுபோல வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் போடலாம், அவ்வளவு சுத்தம். யாருடைய கார், எந்தப் பக்கம், எங்கே நின்றது, ஒன்றும் தெரியவில்லை.

ஒர்க் ஷாப் எஸ்டிமேட்டிலோ ஐந்து அயிட்டங்கள்: ஃபெண்டர், பம்பர், அதன் பிராக்கெட், டெயில் லேம்ப், ஒரு வீல் ரிம். படத்தில் அடி தெரிவது ஃபெண்டரில் மட்டும்தான். நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் வண்டியை ஏற்கெனவே பிரித்துப் போட்டுவிட்டார்கள். மூலப்படங்களைக் கேட்டேன். "நான் எதையும் மறைக்கலை சார், உங்களுக்குத் தெளிவா தெரியட்டும்னுதான் கிராப் பண்ணேன்" என்றார் வருத்தத்தோடு.

இந்த "தெளிவா தெரியட்டும்" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கிராப் செய்வதால் தெளிவு அதிகமாகாது. 4000க்கு 3000 அளவில் எடுத்த படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. அதில் அகலத்தில் கால் பங்கு, உயரத்தில் கால் பங்கு என்று வெட்டினால் மிஞ்சுவது 1000க்கு 750, அதாவது ஏழரை லட்சம் புள்ளிகள். ஒடுக்கில் இருந்த புள்ளிகள் அதேதான், ஒன்றுகூடக் கூடவில்லை. திரையில் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்த வேலையை இரண்டு விரலால் நானே செய்துகொள்வேன். நீங்கள் வெட்டி எறிந்ததை மட்டும் என்னால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒடுக்கு தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் போய் இன்னொரு படம் எடுங்கள்.

பின்னணியை நீக்குவது இன்னும் மோசம். எது வண்டி, எது பின்னணி என்று அங்கே முடிவெடுப்பது மென்பொருள். உடைந்து தொங்கும் பிளாஸ்டிக் துண்டு அதற்குக் குப்பையாகத் தெரிந்தால், அந்தச் சேதமும் படத்திலிருந்து போய்விடும்.

நல்லவேளையாக, அழித்த படங்கள் அவர் போனின் குப்பைக்கூடையில் இன்னும் கிடந்தன. முழுப்படத்தைத் திறந்ததும் கதை புரிந்தது. ஃபெண்டரில் இருந்த வெள்ளைக் கீறல் அங்கேயே நிற்காமல், அதே உயரத்தில் பம்பர் வரை ஓடியிருந்தது. பம்பர் தன் இடத்தைவிட்டு ஒரு விரல் அகலம் வெளியே தள்ளி நின்றது. உள்ளே பிராக்கெட் போயிருக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி. டெயில் லேம்புக்கு நேர் கீழே தரையில் சிவப்புச் சில்லுகள். அவர் சொன்னபடி, ரிவர்ஸ் எடுத்த ஒரு வேன் ஒரே இடியில் செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான்கு அயிட்டங்களையும் ஒப்புக்கொண்டேன். தனக்குச் சாதகமான அத்தனையையும் மனிதர் தன் கையாலேயே வெட்டியிருந்தார்!

ரிம்முக்கு மட்டும் இல்லை என்றேன். விளிம்பு முழுக்கச் சுற்றிலும் உரசல், உரசலுக்குள் அழுக்கு படிந்து கறுத்திருந்தது. அது நடைபாதை ஓரத்தில் உரசி உரசி வந்த பழைய காயம். முழுப்படம் என்றால் அதுவும் தெரியத்தான் செய்யும்.

வெட்டிய படம் வந்தாலே மோசடி என்று நாங்கள் எழுதிவிடுவதில்லை. ஆனால் வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டாக வேண்டும், கேள்விக் கடிதம் போகும், பதில் வரும்வரை ஃபைல் நிற்கும். படத்தின் அகல உயரம் விநோதமான எண்ணாக இருந்தாலே சந்தேகம் எழும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்களுக்கும் இதேதான். அதில் பதிவாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்த நேரம், விபத்துப் படம் எடுத்த நேரம் அல்ல.

சரி, எப்படி எடுப்பது? தரையில் கிடப்பதைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன் எடுங்கள். முதலில் நம்பர் பிளேட்டோடு முழு வண்டி, நான்கு மூலையிலிருந்தும். அப்புறம் அடிபட்ட பக்கம் முழுதாக, தரையும் தெரியும்படி. கடைசியில்தான் கிட்டத்துப் படம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் Document ஆக இணையுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம், இடம் பற்றிய விவரமும் கழன்றுவிடும்.

பின்னால் குழந்தை நிற்கிறது, அடுத்த வீட்டுக்காரர் நிற்கிறார் என்று தயங்குகிறீர்களா? நகரச் சொல்லிவிட்டு இன்னொன்று எடுங்கள். முடியாத நிலை என்றால் ஒரு பிரதியில் முகத்தை மறையுங்கள், மறைத்ததாகச் சொல்லியே அனுப்புங்கள், மூலப்படம் உங்களிடம் இருக்கட்டும். ஏற்கெனவே வெட்டிவிட்டவர்கள் கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து, திருத்தும் பக்கத்தில் Revert இருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில் இருக்கும். தயவுசெய்து, பணம் கைக்கு வரும்வரை மூலப்படங்களை அழிக்காதீர்கள். குப்பைக்கூடையும் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு தானாகக் காலியாகிவிடும்.