ஓசிஆர் படித்த தொகையை அப்படியே கூட்டாதீர்கள்

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. பில்லை போனில் படம் எடுத்து, ஓசிஆர் செயலியில் தொகையைப் படிக்க வைத்து, ஷீட்டில் கூட்டி அனுப்புகிறவர்கள் இப்போது அதிகம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த மாதம் மட்டும் மூன்றாவது தடவையாக ஒரே தப்பைத் தேடி ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவர் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவர். மூன்று மாதப் பில்கள். சாமான் செலவு அவர் பணம் கொடுத்த கணக்கைவிடச் சரியாக 70,000 ரூபாய் கூடுதலாக நின்றது. வித்தியாசம் இப்படி முழு எண்ணாக வந்தால் பில் விட்டுப்போகவில்லை, ஏதோ ஓர் எண்ணின் முன்னால் ஒரு இலக்கம் ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். தேடினால், கீலும் தாழ்ப்பாளும் வாங்கிய ஹார்டுவேர் கடைப் பில். தாளில் இருந்தது ₹1,239.00. ஷீட்டில் இருந்தது 71,239.00. ரூபாய்க் குறியை 7 என்று படித்துவிட்டது. 2 என்று படிப்பதும் உண்டு.

“படம் தெளிவாத்தானே சார் இருக்கு, தொண்ணூத்தெட்டு சதவீதம் சரியாப் படிக்கும்னு போட்டிருக்கே” என்றார். எல்லோரும் சொல்வது இதுதான், எனக்குப் பொறுமை போவதும் இங்கேதான். தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். கடைப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் வார்த்தை கோணலாகி உடனே கண்ணில் படும். எண்ணுக்கு எழுத்துப்பிழை கிடையாது. 1,239 எவ்வளவு ஒழுங்கான எண்ணோ, 71,239 அவ்வளவு ஒழுங்கான எண். நூறு எழுத்தில் இரண்டு தப்பினால் போதும், அந்த இரண்டும் தொகையில் விழுந்தால் பில்லே பொய்யாகிவிடும். படத்தின் தெளிவும் இதைக் காப்பாற்றாது. அதே பில்லில் கடைசியில் ரொக்கம் 1,500, மீதி 261 என்றும் இருந்தது. ‘டோட்டல்’ என்ற சொல், சாமான் எண்ணிக்கை வரியிலும் இருந்தது. எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டு, தப்பான வரியிலிருந்து தொகையை எடுப்பதும் நடக்கிறது.

தப்பைக் காட்டிக்கொடுக்கப் பில்லுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. தொகையை மட்டும் எடுக்காதீர்கள். வரிக்கு முந்தைய மதிப்பு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ரவுண்ட் ஆஃப், மொத்தம் என்று ஐந்தையும் B முதல் F வரை தனித்தனி நெடுவரிசையில் எடுங்கள். அந்தப் பில்லில் 1,050.00, 94.50, 94.50, 0. கூட்டினால் 1,239. அடுத்த கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=ROUND(B2+C2+D2+E2-F2,2)
```

பூஜ்யம் வந்தால் சரி. -70000 என்று நின்றால் படத்தைத் திறங்கள். புள்ளி தொலைந்து 1239.00 என்பது 123900 ஆகியிருந்தாலும் இதிலேயே மாட்டும். சூப்பர்மார்க்கெட் பில்லில் மட்டும் கவனம்: விலையிலேயே வரி அடங்கியிருக்கும். அங்கே அடியில் உள்ள ஜிஎஸ்டி பட்டியலின் மதிப்பை எடுக்க வேண்டும், மேலே உள்ள சப்-டோட்டலை அல்ல.

இன்னொரு தப்பு சத்தமே போடாது. பூஜ்யத்தை ஆங்கில எழுத்து ஓ என்று படித்துவிட்டால் அந்தக் கட்டம் எண் அல்ல, எழுத்து. SUM அதை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தாண்டிப் போய்விடும். மொத்தம் குறைந்து நிற்கும். எழுத்தாகிப் போனது இடது பக்கம் ஒட்டி நிற்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் நீங்கள் அழகுக்காக நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்திவிடுகிறீர்கள், அந்த அடையாளமும் போகிறது. அப்படிச் செய்யாதீர்கள். மொத்தத்துக்குக் கீழே இதையும் வையுங்கள்:

```
=COUNTA(F2:F200)-COUNT(F2:F200)
```

பூஜ்யம் அல்லாமல் எது வந்தாலும், அத்தனை பில் கூட்டலில் சேரவில்லை என்று அர்த்தம்.

வரி விவரம் இல்லாத பில்லுக்கும் கையால் எழுதிய பில்லுக்கும் இந்தச் சோதனை உதவாது. அவற்றை ஓசிஆரிடம் கொடுக்காமல் நீங்களே பார்த்து அடியுங்கள், ஒரு பில்லுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், படத்தை அன்றைக்கே எடுங்கள். தெர்மல் தாள் பர்ஸிலும் வண்டி டேஷ்போர்டிலும் கிடந்தால் வெளுத்துவிடும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். அந்தத் தாளில் எழுத்து அவ்வளவு நாள் நிற்கும் என்று நம்பாதீர்கள். படத்தின் பெயரை அந்தந்த வரிசையிலேயே எழுதி வையுங்கள். அந்த 1,239 ரூபாய்ப் பில்லைத் தேட நானூறு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன், ஷீட்டில் படத்தின் பெயர் இல்லாததால்.