11:11 கண்ணில் பட்டால் அவர் திரும்பி வருவாரா?

காதல் முறிந்து ஆலோசனைக்கு வருகிறவர்கள் பேச்சில் ‘ட்வின் ஃபிளேம்’ இப்போது அடிக்கடி வருகிறது. ஓர் ஆன்மா இரண்டாகப் பிரிந்து இரண்டு உடல்களில் பிறந்திருக்கிறது, அந்த மறுபாதி இவர்தான் என்பது நம்பிக்கை. ‘சோல்மேட்’ ஒருவருக்குப் பலர் இருக்கலாம் என்பார்கள். ட்வின் ஃபிளேம் ஒருவர் மட்டும்தான். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்று ஆகிவிடுவதால், இந்தப் பெயரை ஒட்டிக்கொண்டவர்களுக்கு விலகுவது பெரும்பாடாகிவிடுகிறது.

பலர் சொன்னவற்றைச் சேர்த்து ஓர் உதாரணம் அமைத்துக்கொள்வோம். 26 வயதுப் பெண். எட்டு மாதம் பழகியவர் “இது சரிவராது, விட்டுடலாம்” என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் பிளாக்கும் செய்துவிட்டார். தூக்கம் வராத இரவில் ஒரு டாரட் ரீல் வருகிறது: “உங்க ட்வின் ஃபிளேம் இப்ப உங்களைத்தான் நினைச்சிட்டு இருக்காங்க. 11:11 அடிக்கடி கண்ணுல படுதா?” மறுநாளே படுகிறது. பிறகு 2:22, 5:55. இவற்றை அடையாளமாக எடுத்துக்கொண்டு, அவர் திரும்பி வருவார் என்று அந்தப் பெண் முடிவு செய்துவிடுகிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 12 மணி நேரக் கடிகாரத்தில் 720 நிமிடங்கள். 1:11, 2:22 போல ஒரே இலக்கம் வருபவை ஆறு. 10:10, 3:03 போல மணியும் நிமிடமும் ஒன்றாக வருபவை, 11:11-ஐ ஏற்கெனவே எண்ணிவிட்டதால், பதினொன்று. 12:34, 2:34 போல வரிசையாக ஏறுபவை ஐந்து. மொத்தம் 22. அந்தப் பெண் ஒரு நாளைக்கு 80 முறை போனைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், தற்செயலாகவே தினமும் இரண்டு மூன்று ‘அடையாளங்கள்’ கிடைத்துவிடும். அதோடு, எதிர்பார்ப்பு வந்துவிட்டால் 11 மணியைத் தாண்டும்போது கை தானாகவே போனைத் தேடும்.

வண்டி நம்பர்களும் அப்படித்தான். 1111, 7777 போன்ற ஃபேன்சி நம்பர்களைப் பணம் கட்டிக் கேட்டு வாங்குகிறவர்கள் நிறைய. அதனால் அவை சாலையில் கண்ணில் படுவதில் வியப்பில்லை.

புதிதாக மனதில் பதிந்த ஒன்று எங்கும் தென்படுவது போலத் தோன்றுவதற்கு மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி ‘ஃபிரீக்வென்சி இல்யூஷன்’ என்று பெயர் வைத்தார். கவனம் அதன் மேல் போகிறது. பட்டதெல்லாம் நினைவில் நிற்கிறது, மற்ற 77 முறை பார்த்த நேரம் மறந்துபோகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். உங்களுக்கு எந்த அர்த்தமும் இல்லாத ஓர் எண்ணை, 26 என்று வையுங்கள், தேர்ந்தெடுத்து ஒரு வாரம் தேடுங்கள். பேருந்து, பில், கடைப் பலகை என்று பல இடங்களில் அகப்படும். கூடவே போனைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மணி என்ன என்று குறித்து வையுங்கள். வெறும் எண்கள்தான் பக்கத்தை நிரப்பும்.

எண்களைவிட எங்களுக்குக் கவலை தருவது ‘ரன்னர், சேஸர்’ என்ற விளக்கம். ஒருவர் ஓடுவார், மற்றவர் துரத்துவார், கடைசியில் சேர்வார்கள் என்பது. இதன்படி அவர் மெசேஜ் அனுப்பினால் காதல். அனுப்பாவிட்டால் காதலின் தீவிரம் தாங்காமல் ஓடுகிறார். பிளாக் செய்தால் சோதனைக் கட்டம், வேறொருவரை மணந்தால் கர்மக் கணக்கு. அவர் வாயால் சொன்ன “விட்டுடலாம்” என்பதற்கு மட்டும் எந்த மதிப்பும் இல்லை. எது நடந்தாலும் ‘ஆமாம்’ என்றே பதில் தரும் விளக்கம் அந்த மனிதரைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

ஆகவே அந்தப் பெண்ணிடம் ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதச் சொல்வோம். இடப்பக்கம், கடந்த மூன்று மாதத்தில் அவர் உண்மையில் செய்தது, சொன்னது, தேதியோடு. வலப்பக்கம், அதற்குத் தான் கொடுத்த அர்த்தம். இடப்பக்கம் பெரும்பாலும் நான்கைந்து வரியில் முடிந்துவிடும். பிறகு ஒரு கேள்வி: “என்ன நடந்தால் இவர் அந்த ஆள் இல்லை என்று ஒப்புக்கொள்வீர்கள்?” பதிலை எழுதித் தேதி போட வேண்டும். “எதுவும் இல்லை” என்று பதில் வந்தால், பேச்சை அங்கிருந்துதான் தொடங்குவோம்.

இன்னொரு ஆபத்து, ‘கண்ணாடி’ என்ற வாதம். அவர் அடித்தாலும் அவமதித்தாலும் அது உங்கள் ஆன்மக் காயத்தின் பிரதிபலிப்பு என்பார்கள். இதை ஏற்கவே வேண்டாம். அடிப்பவர் அடிக்கிறார், அவ்வளவுதான். பெண்கள் உதவி எண் 181.

துரத்துகிற ஆணுக்கும் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்வதும், இணையத்தில் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி குற்றம்; முதல் முறையே மூன்று ஆண்டு வரை சிறை. ‘ட்வின் ஃபிளேம்’ என்பது அங்கே வாதமாக நிற்காது.

சிலரிடம் வேறு அறிகுறிகள் தெரியும்: பல நாளாகத் தூக்கமே இல்லை, ஆனாலும் களைப்பில்லை, டிவியும் எண்களும் தனக்கு மட்டும் கட்டளை இடுகின்றன என்ற உறுதி, வேலையை விடுவது, கடன் வாங்கிப் பரிகாரம் செய்வது. இது வெறும் நம்பிக்கை என்று விட்டுவிடாமல், வீட்டில் இருப்பவர்கள் வாதாடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.