சொன்னது ஒன்று, அடித்தது வேறொன்று

பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்துப் பள்ளிகளில் சனிக்கிழமை மதியம் விவாதப் பயிற்சி நடத்துகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இரண்டு சொற்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று ஸ்ட்ராமேன், அதாவது வைக்கோல் பொம்மை. எதிராளி சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக ஆக்கி, அதை அடித்து வீழ்த்துவது. இன்னொன்று ஆட் ஹாமினெம், 'ஆளை நோக்கி' என்று பொருள்படும் லத்தீன். கருத்தை விட்டுவிட்டு, சொன்ன ஆளைப் பிடித்துக்கொள்வது. அப்புறம் யார் வாயைத் திறந்தாலும் "மிஸ், ஆட் ஹாமினெம்!" என்று கை உயரும். பாதி நேரம் அது ஆட் ஹாமினெமே கிடையாது. நிஜமாக இருக்கும்போதும், பெயரைச் சொன்னதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு பயிற்சிச் சுற்றை அப்படியே சொல்கிறேன். தலைப்பு, 'விடுமுறை நாளில் பள்ளி மைதானத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம்'. வியாசர்பாடியில் கால்பந்துக்கு ஆள் பஞ்சமில்லை, இடம்தான் பஞ்சம். அதனால் எல்லோருக்கும் சூடு பிடித்துவிட்டது. ஆதரித்துப் பேசியவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். அவள் சொன்னது இது: "ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் ஒன்பது வரை, ஒரு பொறுப்பாளர் இருக்கும்போது, மைதானத்தை மட்டும் திறக்கலாம். கட்டடம் பூட்டியே இருக்கட்டும்."

எதிர்த்துப் பேச வந்த பையன் நல்ல குரல் உள்ளவன். "ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பள்ளியைத் திறந்து போடச் சொல்கிறார் என் தோழி. யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள். திங்கட்கிழமை லேபில் ஒரு கம்ப்யூட்டர்கூட இருக்காது!" என்றான். வகுப்பே சிரித்தது. கைதட்டல் கிடைத்த உற்சாகத்தில் இன்னொன்றும் சேர்த்தான்: "இவரே ஏரியா டீமில் ஆடுகிறவர். ஓசியில் கிரவுண்டு கிடைத்தால் இவருக்குத்தானே லாபம்?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மறுப்புக்குக் கொடுத்த இரண்டு நிமிடத்தில் முக்கால்வாசியை "இது தனிநபர் தாக்குதல், இது ஸ்ட்ராமேன்" என்று சொல்வதிலேயே கழித்தாள். நடுவராக உட்கார்ந்திருந்த சீனியர் பெண்ணின் தாளைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். 'திருட்டுப் பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை' என்று இருந்தது. பையன் செய்தது தப்பாட்டம், ஆனால் தாளில் அவன் பக்கம்தான் கனமாக நின்றது.

முதலில் பொம்மையைப் பார்ப்போம். அவன் பெரிதாகப் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'வரை' காணாமல் போய் 'முழுக்க' வந்தது. 'மட்டும்' தொலைந்தது, மைதானம் பள்ளியாகிவிட்டது. 'திறக்கலாம்' என்பது 'திறந்து போடச் சொல்கிறார்' ஆனது. தமிழில் வைக்கோல் பொம்மை பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படுகிறது. எல்லையைக் குறிக்கும் சின்னச் சொற்கள் உதிரும், 'எல்லாம்', 'எப்போதும்', 'யார் வேண்டுமானாலும்' வந்து ஒட்டிக்கொள்ளும். பல நேரம் வேண்டுமென்றுகூட நடப்பதில்லை. அந்தப் பையனின் குறிப்பில் 'ஞாயிறு – ஸ்கூல் ஓபன்' என்று மூன்றே சொற்கள்தான் இருந்தன. குறிப்பெடுக்கும்போதே பொம்மை பாதி தயாராகிவிட்டது. அதனால்தான் தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் எதிரணியின் முக்கிய வாக்கியத்தை அவர்கள் சொல்லிலேயே எழுதச் சொல்கிறேன். 'மட்டும்', 'சில', 'வரை' வந்தால் அடிக்கோடு.

பொம்மைக்குப் பதில் சொல்வது மூன்று வாக்கிய வேலை. அவளை மறுபடி நிற்க வைத்துச் சொல்லச் சொன்னேன். "நான் சொன்னது மூன்று மணி நேரம், மைதானம் மட்டும். நண்பர் மறுத்தது நாள் முழுக்கப் பள்ளியைத் திறப்பதை. லேப் பூட்டியிருக்கிறது, ஆகவே திருட்டுப் பயம் என் திட்டத்தைத் தொடவில்லை." பதினைந்து விநாடிகூட ஆகவில்லை. ஸ்ட்ராமேன் என்ற சொல்லே வரவில்லை, நடுவருக்கு எல்லாம் புரிந்தது. மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பதோடு நிறுத்தினால் அது புகார். வித்தியாசத்தால் எதிரணியின் மறுப்பு எங்கே விழுகிறது என்று காட்டினால்தான் மறுப்பு.

ஆனால் உங்கள் கருத்தை நீட்டிப் பார்ப்பதெல்லாம் பொம்மை ஆகாது. "மூன்று மணி நேரம்தான் என்கிறீர்கள். வெளி கேட்டைத் திறந்துவிட்டால், ஒன்பது மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்ப ஒரு பொறுப்பாளர் போதுமா?" என்று அவன் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து என்ன வரும் என்று கேட்கிறான். நன்னூலில் ஏழு மதம் படிக்கிறோமே, அதில் 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்று ஒன்று உண்டு. அடுத்தவர் கொள்கையை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு களைவது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது இது எதற்கு என்றே தெரியாது, இந்த மேசையில் உட்கார்ந்தால் தெரியும்.

இப்போது ஆளைத் தாக்குவது. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே எதிரணிப் பேச்சாளரைக் கிண்டல் செய்வது சபைக்கு விருந்து, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு மறுப்பு ஆளைத் தாக்குகிறதா என்று கண்டுபிடிக்க நான் கற்றுக்கொடுப்பது ஒரே கேள்வி: இதே வாக்கியத்தை வேறொருவர் சொல்லியிருந்தால் அந்த மறுப்பு நிற்குமா? கால்பந்தே ஆடாத ஒருவர் மைதானத்தைத் திறக்கலாம் என்றால் 'உனக்கு லாபம்' என்பது உதிர்ந்துவிடும், திட்டம் அப்படியே இருக்கும். ஆக, அது திட்டத்தைத் தொடவே இல்லை.

வசவு இருப்பதாலேயே ஒரு பேச்சு ஆட் ஹாமினெம் ஆகிவிடாது. "மக்கு மாதிரிப் பேசாதே, ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் பூட்டியிருக்கும், பிள்ளைகள் எங்கே போவார்கள்?" என்றால் மரியாதைக் குறைவு, அதற்கு மதிப்பெண் போகலாம். ஆனால் பாத்ரூம் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆளைப் பற்றிப் பேசுவது சரியாகிற இடமும் உண்டு, புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அவள், "எங்கள் டீம் பிள்ளைகளை எனக்குத் தெரியும், யாரும் எதையும் உடைக்க மாட்டார்கள், நம்புங்கள்" என்று சொல்லியிருந்தால்? அப்போது அவள் வாக்குதான் சான்று. அவளே அந்த டீம் ஆள் என்று சுட்டுவது சான்றின் கனத்தைச் சோதிப்பது, அதைத் தாக்குதல் என்று சொல்ல நான் விடமாட்டேன்.

"மிஸ், அவன் என்னைப் பத்திப் பேசுனா நான் சும்மா இருக்கணுமா?" என்று கேட்டாள். சும்மா வேண்டாம், ஒரே வாக்கியம் போதும் என்றேன். அவளே கண்டுபிடித்தாள்: "ஆமாம், நான் ஆடுகிறேன். இப்போது திட்டத்துக்கு வருவோமா?"

அடுத்த சனிக்கிழமை அதே தலைப்பை மறுபடி வைத்தோம். இந்த முறை பையனின் தாளில் இடது பக்கம் முழு வாக்கியம் இருந்தது, 'மட்டும்' கீழே இரண்டு கோடு. எழுந்து, "மைதானம் மட்டும், ஆறு முதல் ஒன்பது வரை. சரி. அந்தப் பொறுப்பாளர் யார், சாவி யாரிடம் இருக்கும்?" என்றான். அவளிடம் பதில் இல்லை. கேட்டைப் பூட்ட வந்து வாசலில் நின்றிருந்த வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "ஞாயித்துக்கெழம எனக்கு லீவும்மா."