நீர்மை, இலாபத்தன்மை, உந்துதிறன்: கடன் கொடுப்பவர் படிக்கும் மூன்று சொற்கள்

"சரக்கில் பணம் முடங்கிவிட்டது" என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. லிக்விடிட்டி என்ற சொல்லுக்கு நேர் எதிரான நிலை அதுதான். லத்தீனில் 'லிக்விடுஸ்' என்றால் நீர்போல ஓடுவது. ஒரு சொத்து, விலை அடிபடாமல் எவ்வளவு சீக்கிரம் ரொக்கமாகும் என்பதே இங்கே கேள்வி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை நீர்மைத்தன்மை என்கின்றன, இலங்கையில் திரவத்தன்மை. நீர்மை என்றாலே போதும் என்பது என் எண்ணம். சிலர் பணப்புழக்கம் என்று எழுதுகிறார்கள். அது நாட்டில் சுற்றிவரும் பணத்தையும் குறிப்பதால் குழப்பம் வரும்.

ஒரு கற்பனைப் பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கையிருப்புச் சரக்கு 1.8 கோடி, வரவேண்டிய பாக்கி 1.9 கோடி, ரொக்கம் 30 லட்சம். ஆக, நடப்புச் சொத்து 4 கோடி. ஓராண்டுக்குள் கொடுக்கவேண்டியது 3 கோடி: அதில் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடனான கேஷ் கிரெடிட் 1.8 கோடி, நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் 1.2 கோடி. நாலை மூன்றால் வகுத்தால் நடப்பு விகிதம் 1.33.

இந்த 1.33 இந்திய வங்கிகளில் பழகிப்போன எண். வங்கிக் கடன் பற்றி ஆராய ரிசர்வ் வங்கி அமைத்து, 1975இல் அறிக்கை தந்த டாண்டன் குழு சொன்ன இரண்டாவது முறையில், நடப்புச் சொத்தில் கால்பங்கை நிறுவனம் தன் நீண்டகாலப் பணத்திலிருந்து போடவேண்டும். சொத்து 100 என்றால் மீதி 75தான் ஓராண்டுக்குள் கொடுக்கவேண்டிய நடப்புக் கடன். 100ஐ 75ஆல் வகுத்தால் 1.33 வந்துவிடும்.

ஆனால் அனுபவமுள்ள கடன் அதிகாரி அந்த எண்ணோடு நிற்கமாட்டார். பாக்கிப் பட்டியலை வயதுவாரியாகக் கேட்பார். 70 லட்சம் ஆறு மாதமாக வரவில்லை, 50 லட்சத்துக்குப் போன சீசன் சரக்கு கிடக்கிறது என்று தெரிந்தால் இரண்டையும் கழித்துவிடுவார். மிச்சம் 2.8 கோடி, விகிதம் 0.93. இன்னொன்றும் உண்டு. மார்ச் 31க்கு முன் கையிலுள்ள 30 லட்சத்தையும் நூல்காரருக்குக் கொடுத்துவிட்டால் 3.7ஐ 2.7ஆல் வகுத்து 1.37 காட்டலாம். நிறுவனம் ஒரு காசும் வலுப்பெறவில்லை, எண் மட்டும் ஏறிவிட்டது. அதனால்தான் ஆண்டுக் கணக்கோடு சரக்கு, பாக்கி நிலவரத்தைச் சொல்லும் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்டையும் வைத்துப் பார்க்கிறார்கள்.

சரி, இலாபத்தன்மை. இலாபம் வடமொழிச் சொல். அந்தப் பொருளில் திருக்குறள் ஆளும் சொல் ஊதியம். முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்கிறது ஒரு குறள். இன்று ஊதியம் சம்பளமாகிவிட்டதால் அதைத் திரும்பக் கொண்டுவருவது சிரமம். கடன் கொடுப்பவருக்கு இலாபத் தொகையைவிட, போட்ட பணத்துக்கு அது எத்தனை சதவீதம் என்பதுதான் முக்கியம். நம் நிறுவனத்தில் உரிமையாளர் முதல் 2 கோடி, இயந்திரக் கடன் 2 கோடி, கேஷ் கிரெடிட் 1.8 கோடி, மொத்தம் 5.8 கோடி. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம் 60 லட்சம், அதாவது 10.3 சதவீதம். கடனுக்கு வட்டி 10.5 சதவீதம். கடன் வாங்கிப் போட்ட ரூபாய், தன் வட்டியையே முழுதாகச் சம்பாதிக்கவில்லை.

இங்கேதான் கியரிங் வருகிறது, அதாவது சொந்த முதலுக்கு எவ்வளவு கடன் என்ற உந்துதிறன். சைக்கிளில் பெரிய பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சின்னது பல சுற்றுச் சுற்றும். பிரிட்டிஷ்காரர்கள் கடனை அந்தச் சக்கரமாகப் பார்த்தார்கள், அமெரிக்கர்கள் நெம்புகோலாகப் பார்த்து லெவரேஜ் என்றார்கள். உவமை எவ்வளவு பொருத்தம் என்பது கணக்கில் தெரியும். 60 லட்சத்தில் வட்டி சுமார் 40 லட்சம் போக, வரிக்கு முன் உரிமையாளருக்கு மிஞ்சுவது 20. இலாபம் 90 லட்சமானால் மிஞ்சுவது 50. இலாபம் ஒன்றரை மடங்கு, மிஞ்சுவது இரண்டரை மடங்கு. அதே சக்கரம் பின்னாலும் சுற்றும்: இலாபம் 40 லட்சமாகக் குறைந்தால் மிச்சம் பூஜ்யம். ஏறும்போது வங்கிக்குக் கிடைப்பது அதே வட்டிதான், இறங்கும்போது மட்டும் நட்டத்தில் பங்கு வந்து சேர்கிறது. 3.8 கோடிக் கடனுக்கு 2 கோடி முதல் என்ற 1.9 விகிதத்தை அதிகாரி அந்தக் கண்ணோடுதான் படிக்கிறார். பெரிய ஆர்டர் ஒன்று ரத்தானால், அந்த 2 கோடி கரைந்து முடியும்வரைதான் வங்கிக்குப் பாதுகாப்பு.

கியரிங்குக்கு 'முதல் உந்துதிறன்' என்ற பாடநூல் வழக்கு இருக்கிறது. விசை பெருகும் உவமையை அது காப்பாற்றுகிறது, ஆனால் உந்துவது கடன் என்பதைச் சொல்லவில்லை. எனக்குக் கடன் உந்துதிறன் பிடிக்கிறது. விகிதத்தை மட்டும் சொல்லும் இடத்தில் கடன்-முதல் விகிதம் என்று எழுதினால் எவருக்கும் புரியும்.